சானெட்டில் திருப்பத்தை எப்படித் தேடுவது: வரி எண்ணா, ‘பட்’ என்ற சொல்லா, வாதமா?

ஷேக்ஸ்பியரின் 29ஆம் சானெட்டில் திருப்பம் எந்த வரியில் வருகிறது? ஒரு கைடு 9ஆம் வரி என்கிறது. இன்னொன்று கடைசி இரண்டு வரிகள் என்கிறது. வகுப்பில் எழுதிக்கொண்ட குறிப்பில் 10 என்று இருக்கிறது. ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்கள் இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு எதை எழுதுவது என்று கேட்கிறார்கள். மூன்று விடைகளும் மூன்று தேடும் வழிகளிலிருந்து வந்தவை. ஆகவே எந்த விடை சரி என்பதைவிட எந்த வழியில் தேடுவது என்று முதலில் முடிவு செய்துகொள்வது நல்லது.

## திருப்பம் என்ன வேலை செய்கிறது

சானெட்டுக்குப் பதினான்கு வரிகள்தான். அதற்குள் கவிஞர் ஒன்றைச் சொல்லி, சொன்னதையே ஒரு கட்டத்தில் திரும்பிப் பார்த்து, அதைப் பற்றி ஒரு நிலை எடுக்க வேண்டும். அந்த இடம்தான் திருப்பம். முன்பு கேட்ட கேள்விக்குப் பதில் வரலாம், புலம்பலுக்கு மறுப்பு வரலாம், பொதுவாகச் சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு வரலாம், பேசுகிற ஆளே மாறலாம்.

எப்படி வந்தாலும் சோதனை ஒன்றுதான்: அந்த இடத்தைத் தாண்டிய பிறகு முதல் வரிகளை மறுபடி படித்தால், முதலில் படித்தபோது கிடைத்த அர்த்தமே கிடைக்கிறதா, வேறாகிவிட்டதா? வேறாகிவிட்டால் அது திருப்பம். புது உவமை, புது உதாரணம், புது வாக்கியம் வந்தால் மட்டும் போதாது. கூந்தலைப் பற்றிப் பேசிவிட்டுக் கன்னத்துக்கு வருவது பட்டியலின் அடுத்த உருப்படி, அவ்வளவே.

இது வழக்கமாக எங்கே வரும் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. சானெட் 13ஆம் நூற்றாண்டில் சிசிலியில், இரண்டாம் பிரெடரிக் மன்னரின் அவையில் பிறந்தது. ஜியாகோமோ டா லென்டினி என்பவரை அதன் முதல் கவிஞராகச் சொல்வார்கள். அடுத்த நூற்றாண்டில் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் கையில் அது எட்டு வரி, ஆறு வரி என்ற இரு பாகமாக நிலைபெற்றது. எட்டு வரிகளுக்கு இரண்டே இரண்டு இயைபு ஒலிகள்தான்; அவை முடிந்து புது ஒலிகள் தொடங்கும் 9ஆம் வரியில் பொருளும் திரும்பும்.

16ஆம் நூற்றாண்டில் இந்த வடிவம் இங்கிலாந்துக்குப் போனது. இத்தாலியில் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடிவதால் இயைபுக்குப் பஞ்சமில்லை. ஆங்கிலத்தில் ஒரே ஒலிக்கு நான்கு சொல் தேடுவது சிரமம். அதனால் நான்கு, நான்கு, நான்கு, இரண்டு என்று பிரித்துக்கொண்டார்கள். கடைசி இரண்டு வரிகள் ஒன்றோடொன்று இயைந்து தனி அலகாக நின்றன. 1609இல் வெளிவந்த ஷேக்ஸ்பியர் சானெட்டுகளின் முதல் பதிப்பில் இந்த ஈரடியைச் சற்று உள்ளே தள்ளியே அச்சடித்திருக்கிறார்கள். கண் தானாக அங்கே போய்விடும். ‘இத்தாலிய சானெட் என்றால் 9, ஆங்கில சானெட் என்றால் 13’ என்ற சூத்திரம் இப்படி வந்ததுதான்.

## எதை வைத்து ஒப்பிடுவது

தேடும் வழிகளை நான்கு கேள்விகளால் அளக்கிறேன். எவ்வளவு நேரம் பிடிக்கும்? வழக்கத்தை மீறும் கவிதையிலும் வேலை செய்யுமா? தவறினால், தவறிவிட்டது என்று நமக்குத் தெரியுமா? இடத்தைக் காட்டுவதோடு, அங்கே என்ன நடக்கிறது என்றும் சொல்லுமா?

மூன்றாவது கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். தவறுகிற வழி பரவாயில்லை. தவறியதைக் காட்டிக்கொடுக்காத வழிதான் ஆபத்து.

## வழி ஒன்று: இயைபையும் வரி எண்ணையும் பார்ப்பது

வரிகளின் கடைசிச் சொற்களை மட்டும் படித்து, எந்தெந்த வரிகள் ஒத்து ஒலிக்கின்றன என்று பக்கத்தில் குறியிட்டு, இயைபு மாறும் இடத்தைக் கண்டுபிடிப்பது. இரண்டு நிமிடம் போதும். கவிதையின் பொருள் பாதி புரியாமல் இருந்தாலும் செய்யலாம்.

ஷேக்ஸ்பியரின் 18ஆம் சானெட்டிலேயே இந்த வழி தடுமாறுகிறது. உன்னைக் கோடை நாளோடு ஒப்பிடவா என்று தொடங்கும் கவிதை அது. கோடைக்கு ஆயுள் குறைவு, சில நாள் வெயில் அதிகம், சில நாள் சூரியன் மங்குகிறது, அழகெல்லாம் ஒருநாள் சரியும் என்று எட்டு வரிகள் போகின்றன. 9ஆம் வரியில் ‘ஆனால் உன் கோடை வாடாது’ என்று திரும்புகிறது. இயைபின்படி இது ஆங்கில சானெட். சூத்திரப்படி திருப்பம் 13இல் வர வேண்டும். வந்திருப்பதோ இத்தாலியக் கணக்கில். ஷேக்ஸ்பியர் பல இடங்களில் இப்படித்தான்: இயைபு ஆங்கிலத்தில், வாதம் பெட்ரார்க் அமைப்பில்.

இந்த வழியின் மறைமுகச் செலவு இதுதான். எந்தக் கவிதையைக் கொடுத்தாலும் ஒரு விடை வந்துவிடும், தவறான விடையும் சரியான விடை மாதிரியே இருக்கும். அங்கே என்ன நடந்தது என்பதற்கும் இதனிடம் பதில் கிடையாது.

ஆனாலும் இதைத் தள்ளிவிட முடியாது. திருப்பம் வழக்கமாக எங்கே விழும் என்று தெரிந்தால்தான், கவிஞர் அதை முன்னால் இழுத்தாரா பின்னால் தள்ளினாரா என்று சொல்ல முடியும். தேர்வறையில் தெரியாத கவிதை வந்தாலும் முதல் இரண்டு நிமிடம் இதற்கே.

## வழி இரண்டு: சமிக்ஞைச் சொற்களைத் தேடுவது

‘பட்’, ‘யெட்’, ‘தென்’, ‘ஸோ’, ‘நௌ’ போன்ற சொற்களை, குறிப்பாக வரித் தொடக்கத்தில், பென்சிலால் வட்டமிடுவது. முதல் வழியைவிட இது ஒரு படி மேல், ஏனென்றால் இது கவிதையின் பேச்சையே கேட்கிறது. ‘பட்’ வந்தால் மறுப்பு, ‘ஸோ’ வந்தால் முடிவு என்று திருப்பத்தின் வகையையும் ஓரளவு சொல்லிவிடும்.

இதைச் சோதிக்கத் தோதான கவிதை 130ஆம் சானெட். காதலியின் கண்கள் சூரியனைப் போல இல்லை, உதட்டைவிடப் பவளம் சிவப்பு, தலைமுடி கம்பி மாதிரி என்று போகிறது. 5ஆம் வரியில் ரோஜாக்களைப் பார்த்திருக்கிறேன் என்கிறான். 6ஆம் வரி ‘பட்’ என்று தொடங்கி, அப்படிப்பட்ட ரோஜா அவள் கன்னத்தில் இல்லை என்கிறது. வட்டம் போட்டுவிடுவோம். ஆனால் அங்கே வாதம் மாறவே இல்லை. பட்டியலில் இன்னொரு குறை கூடியிருக்கிறது.

9ஆம் வரியில் அவள் பேசக் கேட்பது எனக்குப் பிடிக்கும் என்று சொல்லி, நடுவில் ஒரு ‘யெட்’ போட்டு, இசை அதைவிட இனிமை என்பதும் எனக்குத் தெரியும் என்கிறான். இரண்டாவது வட்டம். இதுவும் திருப்பமாகாது, ஆனால் ஒரு சின்ன அசைவு இருக்கிறது. ‘பிடிக்கும்’ என்ற சொல் இங்கேதான் முதல் தடவை வருகிறது. குறை சொல்லிக்கொண்டிருந்த குரல் இளகத் தொடங்குகிறது. 11ஆம் வரியிலும் தேவதை நடந்து நான் பார்த்ததில்லை, ஒப்புக்கொள்கிறேன் என்கிறான்.

அப்புறம் 13ஆம் வரி. ‘அண்ட் யெட்’ என்று தொடங்கி, கடவுள் மேல் ஆணையாக, பொய் உவமைகளால் புனையப்பட்ட எந்தப் பெண்ணுக்கும் என் காதலி குறைந்தவள் இல்லை என்று முடிகிறது. பன்னிரண்டு வரிகளும் அவளைக் கேலி செய்ததாகப் படித்தோமே, கேலிக்கு ஆளானவர்கள் யார்? கண்ணைச் சூரியன் என்றும் உதட்டைப் பவளம் என்றும் எழுதித் தள்ளிய கவிஞர்கள். குற்றவாளிக் கூண்டில் நிற்கும் ஆள் மாறிவிட்டார். முதல் வரிக்குத் திரும்பிப் போனால் அது இப்போது வேறு வரி.

ஆக மூன்று சமிக்ஞைகளில் இரண்டு பொய். நேர்மாறாக, சமிக்ஞையே இல்லாத திருப்பமும் உண்டு. ராபர்ட் ஃப்ராஸ்ட் 1936இல் வெளிவந்த தொகுப்பில் சேர்த்த ‘டிசைன்’ என்ற சானெட்டில் முதல் எட்டு வரிகள் வெள்ளைப் பூ ஒன்றின் மேல் வெள்ளைச் சிலந்தி வெள்ளை விட்டில்பூச்சியைப் பிடித்துக்கொண்டிருப்பதை வர்ணிக்கின்றன. 9ஆம் வரியிலிருந்து வர்ணனை நின்று கேள்விகள் தொடங்குகின்றன: நீலமாக இருக்க வேண்டிய பூ ஏன் வெள்ளை, சிலந்தியை அந்த உயரத்துக்குக் கொண்டுவந்தது யார். அந்தத் திருப்பத்தில் ‘பட்’ இல்லை. கடைசிக் கேள்வியில் ஒரு ‘பட்’ வருகிறதுதான், ஆனால் அங்கே அதற்கு ‘தவிர’ என்று பொருள். அதை வட்டமிட்டால் தலைகீழாகிவிடும்.

இந்த வழி தவறினால் பாதி நேரம் தெரியும். நிறைய வட்டங்கள் விழுந்தால் சந்தேகம் வரும். ஒரே வட்டம் தவறான இடத்தில் விழுந்தால் வராது. வாதத்தை வெளிப்படையாக நகர்த்தும் கவிதைகளில், அதாவது ஷேக்ஸ்பியர், சிட்னி காலத்துச் சானெட்டுகளில், இது பெரும்பாலும் கைகொடுக்கும். 20ஆம் நூற்றாண்டுக் கவிதைகளில் இதை மட்டும் நம்பக் கூடாது.

## வழி மூன்று: வாதத்தைப் பின்தொடர்வது

வரிகளை விட்டுவிட்டு வாக்கியங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் ஒரு வரியாக எழுதுங்கள், அலங்காரம் இல்லாமல். பக்கத்தில் மூன்று விஷயம் குறியுங்கள்: யார் யாரிடம் பேசுகிறார், வாக்கியம் கேள்வியா கூற்றா கட்டளையா, எந்தச் சொல் இரண்டாம் தடவை வருகிறது. இருபது நிமிடம் ஆகும். சில கவிதைகளுக்கு ஒரு மணி நேரமும் ஆகலாம்.

மில்டன் தன் பார்வையிழப்பைப் பற்றி எழுதிய சானெட்டில் இதைச் செய்து பார்ப்போம். 1652 வாக்கில் அவருக்குப் பார்வை முழுதும் போய்விட்டது. இந்தக் கவிதை அச்சானது 1673இல். பெட்ரார்க் அமைப்பு, எட்டும் ஆறும்.

முதல் வாக்கியம் ஏழரை வரிகள் ஓடுகிறது. அதன் சாரம்: பாதி வயது ஆவதற்குள் ஒளி போய்விட்டது, எனக்குக் கொடுத்த ஒரு தாலந்து உபயோகமின்றிக் கிடக்கிறது, பார்வையைப் பறித்துவிட்டு முழுநாள் கூலிவேலையைக் கடவுள் கேட்பாரா என்று முட்டாள்தனமாகக் கேட்கிறேன். மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில், எஜமான் கொடுத்த பணமாகிய தாலந்தைப் புதைத்து வைத்த வேலைக்காரன் வெளி இருளில் தள்ளப்படுகிறான். மில்டனின் பயம் அந்தக் கதையிலிருந்து வருகிறது. பேசுவது ‘நான்’. உச்சத்தில் ஒரு கேள்வி.

அடுத்த வாக்கியம் 8ஆம் வரியின் நடுவில் ‘பட்’ என்று தொடங்குகிறது. இப்போது பேசுவது பொறுமை. மில்டன் அதை ஓர் ஆளாக்கியிருக்கிறார். மனிதனின் உழைப்போ தான் தந்த வரங்களோ கடவுளுக்குத் தேவையில்லை, அவருடைய இலேசான நுகத்தை நன்றாகச் சுமப்பவரே நன்றாக ஊழியம் செய்கிறார், அவருடையது அரச நிலை, ஆயிரக்கணக்கானோர் அவர் ஏவலில் நிலத்திலும் கடலிலும் ஓடுகிறார்கள், வெறுமனே நின்று காத்திருப்பவர்களும் ஊழியம் செய்கிறவர்களே என்று கவிதை முடிகிறது. கேள்வி போய்க் கூற்று வந்தது. ‘நான்’ என்ற சொல் மறுபடி வரவே இல்லை.

திரும்ப வரும் சொல் எது? ‘சர்வ்’, ஊழியம் செய்தல். 5ஆம் வரியில் வருகிறது, 11இல் வருகிறது, 14இல் வருகிறது. முதலில் அதற்குப் பொருள், கவிதை எழுதிக் கணக்குக் காட்டுவது. கடைசியில் பொருள் நின்று காத்திருப்பது. இரண்டு பொருளுக்கும் நடுவே எங்கோ ஒரு கோடு இருக்கிறது. அதுதான் நாம் தேடுவது. சொல் ஒன்றே, மதிப்பு மாறிவிட்டது என்ற இந்தச் சான்று வரி எண்ணைவிடவும் ‘பட்’டைவிடவும் உறுதியானது.

இனி முதல் வழியைக் கூட்டி வாருங்கள். இயைபின்படி எட்டு வரிப் பகுதி 8ஆம் வரியின் கடைசியில்தான் முடிகிறது. திருப்பமோ அரை வரி முன்னாலேயே நுழைந்துவிட்டது. ஏன்? பொறுமை பேசுவது அந்த முணுமுணுப்பை ‘ப்ரிவென்ட்’ செய்ய என்கிறார் மில்டன். அவர் காலத்தில் அந்தச் சொல்லுக்கு முந்திக்கொள்வது என்ற பொருள் உண்டு. புலம்பல் தனக்குரிய எட்டு வரிகளை முடிப்பதற்குள் பொறுமை குறுக்கே வந்து முந்திக்கொள்கிறது. சொல்வதையே வடிவமும் செய்கிறது. வரி எண்ணை மட்டும் பார்த்தவர் 9 என்று எழுதி இதைத் தவறவிட்டிருப்பார்.

ஒரு எச்சரிக்கை: இன்றைய பதிப்புகளில் பொறுமையின் பேச்சைச் சுற்றி இருக்கும் மேற்கோள் குறிகள் பிற்காலப் பதிப்பாசிரியர்கள் இட்டவை. குறிகளை நம்பித் திருப்பத்தைக் கண்டுபிடிப்பது, இன்னொருவர் கண்டுபிடித்ததை நகலெடுப்பதுதான்.

சரி, 29ஆம் சானெட். அதிர்ஷ்டமும் ஊரும் கைவிட்ட நிலையில் தனியாக அழுகிறேன், காதுகேளாத வானத்தைக் கத்தித் தொந்தரவு செய்கிறேன், அவனைப் போல அழகு, இவனைப் போலத் திறமை வேண்டும் என ஏங்குகிறேன்: இது எட்டு வரி. 9ஆம் வரி ‘யெட்’ என்று தொடங்குகிறது, ஆனால் அந்த வரி சொல்வது ‘இந்த நினைப்பில் என்னையே ஏறக்குறைய வெறுக்கும்போது’. அதாவது கைகாட்டி நட்டாயிற்று, வண்டி இன்னும் திரும்பவில்லை. முதன்மை வினை 10ஆம் வரியில்தான்: தற்செயலாக உன்னை நினைக்கிறேன். உடனே அவன் நிலை விடியற்காலை வானம்பாடியாக மேலெழுந்து வானத்தின் வாசலில் பாடுகிறது. 3ஆம் வரியில் செவிடாக இருந்த வானம் 12ஆம் வரியில் பாட்டுக்கு வாசல் ஆகிவிட்டது. ‘ஸ்டேட்’ என்ற சொல் 2ஆம் வரியில் ஒதுக்கப்பட்டவனின் நிலை; 14இல் அரசர்களோடும் மாற்றிக்கொள்ள விரும்பாத நிலை. ஈரடி திருப்பத்துக்குக் காரணம் சொல்லி முடிக்கிறது, அவ்வளவே. ‘சமிக்ஞை 9இல், திருப்பம் 10இல், காரணம் ஈரடியில்’ என்று எழுதினால் மூன்று குறிப்புகளும் ஏன் வேறுபட்டன என்பதும் அதில் அடங்கிவிடும்.

இந்த வழிக்கும் செலவு உண்டு. நேரம் ஒன்று. பழைய ஆங்கிலச் சொல்லின் அக்காலப் பொருள் தெரியாவிட்டால் சறுக்கும். மில்டனின் ‘ஃபாண்ட்லி’யை ‘முட்டாள்தனமாக’ என்று எடுக்காமல் ‘அன்போடு’ என்று எடுத்தால் கவிதை குழம்பிவிடும். இன்னொன்று, கூர்ந்து படிக்கப் படிக்க எல்லா இடமும் திருப்பமாகவே தெரியும். 130இன் 9ஆம் வரியில் பார்த்த இளகலையும் திருப்பம் என்று கொண்டாடத் தோன்றும். அதற்கு மருந்து முதலில் சொன்ன சோதனைதான்: அந்த இடத்தில் நிறுத்திவிட்டு முதல் வரியைப் படியுங்கள். அர்த்தம் மாறவில்லை என்றால் அது அசைவு மட்டுமே.

## ஒரே பார்வையில்

| | இயைபும் வரி எண்ணும் | சமிக்ஞைச் சொல் | வாதம் |
|---|---|---|---|
| நேரம் | 2 நிமிடம் | 5 நிமிடம் | 20 நிமிடமும் மேலும் |
| வழக்கம் மீறும் கவிதையில் | பொய்க்கும் | சில நேரம் நிற்கும் | நிற்கும் |
| தவறினால் தெரியுமா | தெரியாது | பாதி தெரியும் | முதல் வரிச் சோதனையில் தெரியும் |
| என்ன நடக்கிறது என்று சொல்லுமா | சொல்லாது | வகையை மட்டும் | சொல்லும் |
| மறைமுகச் செலவு | போலி உறுதி | பொய்ச் சமிக்ஞை | எங்கும் திருப்பம் தெரிவது |

## யாருக்கு எது

ஒரு மதிப்பெண் கேள்விக்கு முதல் இரண்டு வழிகளும் சேர்ந்தால் போதும். இரண்டும் ஒரே வரியைக் காட்டினால் அநேகமாகச் சரியாக இருக்கும், முரண்பட்டால் மூன்றாவதற்குப் போங்கள். கட்டுரை எழுதுபவர், வகுப்பெடுப்பவர், மொழிபெயர்ப்பவர் ஆகியோருக்கு மூன்றாவது வழியைத் தவிர வேறில்லை. மொழிபெயர்ப்பாளருக்குக் கூடுதல் காரணம் ஒன்று: ‘சர்வ்’ மூன்று இடத்திலும் ஒரே சொல்லாக வர வேண்டும். ஒரு இடத்தில் ‘ஊழியம்’, இன்னொரு இடத்தில் ‘தொண்டு’ என்று அழகுக்கு மாற்றினால் திருப்பத்தின் சான்று தமிழில் காணாமல் போகும்.

பழகுவதற்கு 18இல் தொடங்கி, 130, 29, மில்டன் என்று போகலாம். கடைசியாக, பிலிப் சிட்னி எழுதி அவர் இறந்த பிறகு 1591இல் அச்சான ‘அஸ்ட்ரோஃபில் அண்ட் ஸ்டெல்லா’ தொகுப்பின் 71ஆம் சானெட். ஸ்டெல்லாவின் அழகு நெஞ்சைக் காதலுக்கு இழுக்கிறது, அதே வேகத்தில் அவள் ஒழுக்கம் அந்தக் காதலை நன்மைக்குத் திருப்புகிறது என்று பதின்மூன்று வரிகள் பாடிவிட்டு, 14ஆம் வரியில் ‘ஆனால் ஐயோ, ஆசை இன்னும் எனக்குத் தீனி கொடு என்று கத்துகிறது’ என்கிறது. ஈரடியின் முதல் வரி ‘குட்’ என்று முடிகிறது, இரண்டாவது ‘ஃபுட்’ என்று. இயைபு சேர்த்துக் கட்டியதை வாதம் நடுவில் அறுக்கிறது. 9, 13 இரண்டும் இங்கே பொய். பதின்மூன்றாம் வரிவரை படித்துவிட்டு இது திருப்பமே இல்லாத சானெட் என்று முடிவுகட்டியவரும் ஏமாறுவார்.